கடைசியாக நடந்ததைக் காரணம் என்று எழுதாதீர்கள்

சென்ற மாதமும் அதே மாதிரி ஒரு படிவம். காகிதக் குடோன் வைத்திருப்பவர் ஒருவர் கிளைம் படிவத்தில் 'இழப்புக்கான காரணம்' என்ற இடத்தில் மூன்றே சொல் எழுதியிருந்தார்: "மழையில் சரக்கு நனைந்துவிட்டது." அவருடைய பாலிசியில் தீ உண்டு. மழை, புயல், வெள்ளத்துக்கான பிரிவை அவர் வாங்கவில்லை. நிறுவனத்தில் படிவத்தைப் பார்த்தவர் பாலிசியைப் புரட்டிவிட்டு, "மழைக்குக் காப்பீடு இல்லை" என்று பதில் அனுப்பிவிட்டார்.

குடோன்காரர் முறையிட்ட பிறகு ஃபைல், இழப்பை மதிப்பிடும் சர்வேயரான என்னிடம் வந்தது. நேரில் பார்த்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், கூரை எரிந்து போன பிறகுதானே மழையே உள்ளே வந்தது!" அதுதான் ஐயா கேள்வியே. அதை ஏன் எழுதவில்லை? "தீயில் போனது 60 கட்டுதான். அதை நானே சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நனைந்ததுதான் பெரிய நஷ்டம்."

இத்தனை வருடத்தில் இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பொருளைக் கடைசியாகத் தொட்டது எதுவோ அதுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிப் பழி எங்கள் துறைச் சொல்லின் மீதும் உண்டு. 'அண்மைக் காரணம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அண்மை என்றால் பக்கம். பக்கத்தில் நடந்தது என்றால் கடைசியாக நடந்தது என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் இங்கே அண்மை என்பது நேரத்தில் நெருக்கம் கிடையாது, வலுவில் நெருக்கம். இழப்பை உண்மையிலேயே உண்டாக்கிய, மேலோங்கி நின்ற காரணம் எது என்பதுதான் கேள்வி. அது முதலில் நடந்ததாக இருக்கலாம், நடுவில் நடந்ததாகவும் இருக்கலாம்.

இது ஒரு கப்பல் வழக்கில் நூறு வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். 1915-இல் இக்காரியா என்ற கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி டார்ப்பிடோவால் தாக்கியது. முன்பக்கம் ஓட்டை விழுந்தும் அது மூழ்காமல் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகம் வரை வந்து சேர்ந்தது. அங்கே பலத்த காற்றில் கரைமேடையில் மோத ஆரம்பித்தது. மூழ்கினால் மேடையே அடைபட்டுவிடும் என்று துறைமுக அதிகாரிகள் அதை வெளிப்புறத் தடுப்புச் சுவர் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். அங்கே கடல் நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் தரை தட்டி, ஏறும்போதெல்லாம் மிதந்து, கடைசியில் உடைந்து மூழ்கியது. கடல் ஆபத்துக்குப் பாலிசி இருந்தது. போர்ச் செயலின் விளைவுகள் விலக்கப்பட்டிருந்தன. கடைசியாக நடந்தது தரைதட்டியதுதான், அது கடல் ஆபத்து, ஆகவே பணம் கொடுங்கள் என்றார்கள் உரிமையாளர்கள். 1918-இல், பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. டார்ப்பிடோ பட்ட நிமிடம் முதல் அந்தக் கப்பல் அதன் பிடியிலிருந்து விடுபடவே இல்லை. நடுவில் வந்த காற்றும் அலையும் அந்தக் காயத்தின் மீதுதான் வேலை செய்தன. காரணங்களைச் சங்கிலியாகப் பார்க்காதீர்கள், அது ஒரு வலை என்று நீதிபதி ஷா பிரபு அந்தத் தீர்ப்பில்தான் சொன்னார்.

சரி, குடோனுக்கு வருவோம். மொத்தம் 400 கட்டு காகிதம். முதல் நாள் இரவு மின் பலகையில் பற்றிய தீ, ஒரு மூலையையும் அதற்கு மேலிருந்த கூரையையும் தின்றுவிட்டது. 60 கட்டு எரிந்தது. தீயணைப்புத் தண்ணீரில் 90 கட்டு நனைந்தது. இரண்டாம் நாள் மாலை மழை. எரிந்த கூரை வழியாக 70 கட்டு நனைந்தது. பதினோராம் நாள் பெருமழை. இன்னும் 80 கட்டு போனது. மீதி 100 கட்டு நனையவில்லை, ஆனால் புகை நாற்றம் ஏறிவிட்டது. நான் போனது பதினைந்தாம் நாள்.

இதை நாங்கள் எப்படிப் பிரிக்கிறோம் என்றால், முதல் சம்பவத்தில் நின்றுகொண்டு, இதிலிருந்து இயல்பாக அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே வருவோம். அப்புறம் இழப்பிலிருந்து பின்னோக்கி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டு போவோம். இரண்டு வழியிலும் அறுபடாமல் வந்தால் முதல் சம்பவம்தான் காரணம். நடுவில் முந்தையதோடு ஒட்டாத ஒரு புதுச் சக்தி தானாக உள்ளே வந்து ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் தொடர் அறுந்தது.

எரிந்த 60-இல் பேச்சே இல்லை. தண்ணீர் பட்ட 90-உம் தீயின் கணக்குதான். தீ வந்தால் அணைப்பார்கள், அணைத்தால் தண்ணீர் படும். இதை நிராகரிக்கும் நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. புகை பிடித்த 100-உம் அப்படியே, ஆனால் அதில் முழு விலை கிடைக்காது. குறைந்த விலைக்கு விற்க முடிந்ததைக் கழித்துக்கொண்டு மீதிதான்.

இரண்டாம் நாள் மழையில் நனைந்த 70 கட்டுதான் அவர் 'மழை' என்று எழுதியதில் முக்கியமானது. கூரையைத் திறந்துவிட்டது தீ. அன்றைக்கு ஆபத்தான கட்டடம் என்று யாரையும் உள்ளே விடவில்லை. தார்ப்பாய் போட வழியே இல்லை. திறந்த கூரை வழியாக மறுநாள் மழை உள்ளே வருவதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே அதுவும் தீயின் இழப்பு. மழைக்குப் பாலிசி வாங்கவில்லை என்பது இங்கே பொருட்டே இல்லை.

பதினோராம் நாளின் 80 கட்டு வேறு கதை. நான்காம் நாளே உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டது. ஏழு நாள் கையில் இருந்தது. தார்ப்பாயும் போடவில்லை, சரக்கை எதிர்மூலைக்குக்கூட நகர்த்தவில்லை. தீயில் பலவீனமான சுவர் ஒன்று சில நாள் கழித்துக் காற்றில் சாய்ந்தபோது, அது தீயின் இழப்பு ஆகாது என்று 1876-லேயே ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. இடையில் கிடைத்த அவகாசம் காரணத்தையே மாற்றிவிடும். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: தீ பிடித்ததே உங்கள் அசட்டையால் என்றாலும் பொதுவாகத் தீக் காப்பீடு கைவிடாது. விபத்துக்குப் பிறகு மிச்சத்தைக் காப்பாற்றாமல் விடுவதைத்தான் அது பொறுக்காது. அந்த 80 கட்டை நான் தள்ளிவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

எந்தக் கட்டு எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காகிதமே சொல்லிவிடும். தீயணைப்புத் தண்ணீர் கரியோடு கலந்து கறுப்பாக, வாசல் பக்கத்திலிருந்து பக்கவாட்டில் அடித்திருந்தது. மழை மேலிருந்து இறங்கியிருந்தது. மேல் தாள்கள் ஊறி அடித் தாள்கள் காய்ந்திருந்தன. இரண்டாம் நாள் நனைந்த கட்டுகளில் பூஞ்சணம் கறுத்துத் தடித்திருந்தது. பதினோராம் நாள் நனைந்தவற்றில் இப்போதுதான் வெள்ளைப் புள்ளி. எல்லாவற்றுக்கும் மேல், அவருடைய வேலையாள் ஐந்தாம் நாள் கைப்பேசியில் எடுத்த படத்தில் அந்த 80 கட்டும் காய்ந்தே இருந்தது. 70 கட்டைக் காப்பாற்றியதும் அதே படம்தான். அதில் அவை ஏற்கெனவே நனைந்து உப்பியிருந்தன.

நல்ல வேளை, அவர் எதையும் தூக்கி எறியவில்லை. பலர் செய்வது அதைத்தான். நனைந்ததைக் குப்பைக்கு அனுப்பி, எரிந்த தகட்டை எடைக்குப் போட்டு, தரையைக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். இழப்பு பாலிசிக்குள் வருகிறது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. விலக்குக்குள் விழுகிறது என்று காட்டுவதுதான் நிறுவனத்தின் பொறுப்பு. கழுவிய தரையை வைத்துக்கொண்டு உங்கள் பங்கை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்?

இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் சம பலத்தோடு சேர்ந்து இடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை அதிகம் வருவது அங்கேதான். 1973-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான வெய்ன் டேங்க் வழக்கில், அந்த நிறுவனம் ஒரு தொழிற்சாலைக்குப் பொருத்திய குழாய், சூடேற்றியின் சூட்டுக்குத் தகுதியற்றது. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இரவில் சூடேற்றியைப் போட்டுவிட்டுக் கவனிக்காமல் போய்விட்டார். தொழிற்சாலை எரிந்துபோனது. கவனக்குறைவு பாலிசிக்குள் வரும். தாங்கள் கொடுத்த பொருளின் குறை விலக்கப்பட்டிருந்தது. விலக்குதான் ஜெயித்தது. இரண்டில் ஒன்று பாலிசிக்குள் இருந்து, மற்றது விலக்கப்படாமல் வெறுமனே குறிப்பிடப்படாமல் இருந்தால் மட்டும் பணம் கிடைக்க வழி உண்டு. 'பாலிசியில் இல்லை' என்பதும் 'விலக்கப்பட்டுள்ளது' என்பதும் ஒன்றல்ல. மறுப்புக் கடிதம் வந்தால் இரண்டில் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

தயவுசெய்து படிவத்தில் ஒரு வரி எழுதாதீர்கள். முதலில் நடந்ததிலிருந்து, நாளும் நேரமும் போட்டு, வரிசையாக எழுதுங்கள். அந்தக் குடோன்காரரை நான் திருத்தி எழுதச் சொன்னது இப்படி: "இன்ன நாள் இரவு மின் பலகையில் தீ. கூரையின் வடகிழக்குப் பகுதி எரிந்து திறந்துகொண்டது. அணைக்கும்போது தண்ணீர் பட்டது. மறுநாள் மாலை, உள்ளே செல்ல அனுமதி இல்லாத நேரத்தில், திறந்த கூரை வழியாக மழை." அந்த நான்கு வரிக்கு 320 கட்டு தீ இழப்பாகக் கணக்கில் வந்தது.