வேகம்: ஒரு சொல், மூன்று வேலை

"வேகம் பத்தலடா, இன்னும் வேகமா ஓடு!" பள்ளி மைதானத்தில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். நானும் விசிலோடு நின்று பல வருடம் இதையே கத்தியிருக்கிறேன். எந்த வேகத்தைச் சொல்கிறேன் என்று அந்தப் பையனுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. ஓட்டத்தில் மூன்று வகை வேகம் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாவிட்டால் தனித்தனிப் பயிற்சியும் இருக்காது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வேகம்' வடமொழி வழியாக வந்தது. அதன் வேருக்கு நடுங்குதல், துள்ளி எழுதல் என்று பொருள். அந்தப் பழைய பொருள் தமிழில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'விஷ வேகம்', 'காய்ச்சல் வேகம்' என்கிறோமே, அங்கே ஓட்டம் எதுவும் இல்லை, பொங்கி எழுவதுதான் இருக்கிறது. தும்மல், கொட்டாவி, பசி போன்றவற்றைச் சித்த மருத்துவம் பதினான்கு வேகங்கள் என்று கணக்கு வைத்திருப்பதும் இதே பொருளில்தான்.

தமிழின் சொந்தச் சொல் விரைவு. தெற்கத்திப் பேச்சில் 'வெரசா வா' என்பது அதன் உறவுதான். தொல்காப்பியம் உரியியலில் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்றே ஒரு நூற்பா உண்டு. சங்கப் பாட்டில் குதிரை கடும்பரியாகவும் கதழ்பரியாகவும் துனைபரியாகவும் ஓடும். இத்தனை சொல் வைத்திருந்த மொழிக்கு நாம் 'ஸ்பீடு' ஒன்றையே மிச்சம் வைத்திருக்கிறோம். ஆனால் கதழ்வையும் துனைவையும் மைதானத்துக்கு இழுத்து வரச் சொல்ல மாட்டேன், பையன்கள் சிரிப்பார்கள். வேகம் என்ற பொதுச் சொல் இருக்கட்டும். உள்ளே இருக்கும் மூன்றுக்குத்தான் நல்ல பெயர் வேண்டும்.

ஒன்று ரியாக்‌ஷன். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்ததிலிருந்து உடல் அசையத் தொடங்கும் வரை ஆகும் நேரம். 'எதிர்வினை நேரம்' என்று பரவலாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். எதிர்வினை என்றால் யாரோ திட்டியதற்குப் பதில் கொடுப்பது போல இருக்கிறது. உளவியல் பாடநூல்களில் தூண்டல், துலங்கல் என்று ஒரு நல்ல ஜோடி உண்டு. சத்தம் தூண்டல், அசைவு துலங்கல். அதனால் 'துலங்கல் நேரம்' என்பதே என் தேர்வு.

இந்த நேரம் எவ்வளவு சின்னது என்று பார்க்க 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் இறுதிப் போட்டியே போதும். உசேன் போல்ட்டின் துலங்கல் நேரம் 0.146 வினாடி. அதே ஓட்டத்தில் ரிச்சர்ட் தாம்சன் 0.119 வினாடியில் கிளம்பினார், போல்ட்டை விட முன்னதாக. முடிவில் போல்ட் 9.58 வினாடியில் உலக சாதனை, தாம்சன் 9.93 வினாடியில் ஐந்தாம் இடம். துலங்கலில் கிடைக்கும் லாபம் நூறில் சில பங்கு வினாடிதான். அதனால் இதற்குப் பயிற்சி நேரத்தில் பாதியைக் கொடுப்பது வீண்.

ஆனால் கெடுத்துவிட முடியும். நான் கெடுத்திருக்கிறேன். "ஆன் யுவர் மார்க்ஸ், செட்" சொல்லிவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிக் கை தட்டுவது என் பழக்கம். ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி. பிள்ளைகள் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, என் தாளத்தைக் கணித்து ஓடினார்கள். பயிற்சியில் எல்லாரும் பறந்தார்கள். வட்டாரப் போட்டியில் ஸ்டார்ட்டர் இன்னும் அரை வினாடி கூடுதலாகக் காத்தார். எங்கள் பெண் ஒருத்தி முன்னாலேயே கிளம்பி, ஓடாமலே வெளியே வந்தாள். (பெரிய போட்டிகளில் சத்தத்துக்குப் பின் 0.1 வினாடிக்குள் கால் வைக்கும் தொடக்கக் கட்டையில் அழுத்தம் பதிவானாலே தவறான தொடக்கம். அதற்குள் மனித உடல் உண்மையாகக் கேட்டுக் கிளம்ப முடியாது என்பது அந்த விதியின் கணக்கு.)

அன்றிலிருந்து 'செட்'டுக்கும் கைத்தட்டலுக்கும் நடுவே ஒரு வினாடியும் விடுவேன், மூன்று வினாடியும் விடுவேன். சில முறை தட்டவே மாட்டேன், "எழுந்திருங்க" என்பேன். குப்புறப் படுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒற்றை முழங்காலில் என்று நிலையை மாற்றி, தட்டியதும் எழுந்து 10 மீட்டர் ஓட வைப்பேன். ஆறு முறை போதும். உடல் சூடானதும், களைப்பு வருமுன் முடித்துவிட வேண்டும். அடிக்கோலை விரல்களுக்கு நடுவே விழவிட்டுப் பிடிக்கும் சோதனையைப் பிள்ளைகள் விரும்புவார்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.20 வினாடி, 15 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.175 வினாடி. ஆனால் அது கண்ணின் துலங்கல். ஓட்டத்துக்கு வேண்டியது காதின் துலங்கல். அதனால் அதை விளையாட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அக்சிலரேஷன். தமிழ்நாட்டு இயற்பியல் புத்தகத்தில் இது முடுக்கம், இலங்கையில் ஆர்முடுகல். (அங்கே வேகம் என்றால் நாம் திசைவேகம் என்பது. நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்பார்கள். கடல் கடந்து பேசும்போது கவனம்.) இரண்டுக்கும் வேர் முடுகு. முடுகுதல் என்றால் விரைதல், முடுக்குதல் என்றால் விரையச் செய்தல். கொங்குப் பக்கம் 'நாய் முடுக்குது' என்றால் துரத்துகிறது என்று பொருள். செய்யுளில் முடுகு வண்ணம் என்று ஒரு ஓட்டமே உண்டு. பின்னால் இருந்து ஏதோ தள்ள, வேகம் ஏறிக்கொண்டே போவது. ஓட்டத்தின் முதல் 30 மீட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம் தேறக்கூடியது இந்த முடுக்கம்தான். இங்கே உடல் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: தரையைப் பின்னோக்கித் தள்ளுவது. அதற்கு உடல் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்து விடுவார்கள், பக்கத்து லேனைப் பார்க்க. நிமிர்ந்ததும் பாதம் இடுப்புக்கு முன்னால் விழும். முன்னால் விழும் ஒவ்வொரு அடியும் பிரேக். பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் மெதுவீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். வெறும் காதுக்கும் கொஞ்சம் தெரியும். தள்ளும் அடியில் மண் கரகரக்கும், பிரேக் அடியில் 'தட் தட்' என்று அறையும்.

சாய்ந்து விழும் தொடக்கம் எளிது. கால்களைச் சேர்த்து நின்று, கணுக்காலிலிருந்து உடல் முழுதும் ஒரே பலகையாக முன்னால் சாய வேண்டும், இடுப்பில் மடங்கக் கூடாது. விழப்போகும் கணத்தில் ஓட வேண்டும், 15 மீட்டர். இன்னொன்று ஏற்றம். ஏரிக்கரைச் சரிவோ பாலத்தின் ஓர ஏற்றமோ, மென்மையான சாய்வாக இருந்தால் போதும். அதில் 15, 20 மீட்டர் ஓட விட்டால் நீங்கள் சொல்லாமலே உடல் சாயும், நிமிர்ந்தவன் ஏற முடியாமல் திணறுவான். நான்கு முதல் ஆறு ஓட்டம். பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று ஓய்வு. 20 மீட்டர் ஓடினால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இந்த ஓய்வைக் கொடுக்கத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஓய்வைக் குறைத்தால் அது மூச்சுப் பயிற்சியாகிவிடும், முடுக்கப் பயிற்சி இல்லை.

மூன்றாவது டாப் ஸ்பீடு. பெரும வேகம் என்று கணக்கு வாத்தியார் சொல்வார். நான் உச்ச வேகம் என்பேன், ஏனென்றால் உச்சி என்றால் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. போல்ட் அன்று 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரை 1.61 வினாடியில் கடந்தார், மணிக்குச் சுமார் 44.7 கிலோமீட்டர். அதற்குப் பின் அவருக்கும் வேகம் சற்று இறங்கியது. நம் பிள்ளைகள் 30 முதல் 50 மீட்டருக்குள் உச்சம் தொட்டு விடுவார்கள், அப்புறம் இறக்கம்தான். கடைசியில் 'முந்திப் போன' பையன் வேகம் கூட்டவில்லை, மற்றவர்களை விடக் குறைவாக இழந்தான்.

உச்ச வேகத்துக்குப் பறக்கும் 20. முதல் 30 மீட்டர் படிப்படியாக வேகம் ஏற்றி வந்து, அடுத்த 20 மீட்டரை மட்டும் முழு வேகத்தில் ஓடி, பிறகு தானாக அடங்க விடுவது. மூன்று அல்லது நான்கு முறை, நடுவில் நான்கு நிமிட ஓய்வு. தோள் காதுக்கு ஏறினால், பல்லைக் கடித்தால், அங்கே முயற்சி கூடுகிறது, வேகம் குறைகிறது. நேரம் மோசமானால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். அதற்கு மேல் இழுத்தால் தொடைப் பின்தசை பிடிக்கும்.

சரி, யாருக்கு எது? 100 மீட்டரை 13.0 வினாடியில் முடிக்கும் இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். முதல் அசைவிலிருந்து 30 மீட்டருக்கு ஒரு நேரம், பறக்கும் 20-க்கு ஒரு நேரம் எடுங்கள். ஒருவன் 30 மீட்டரை 4.3 வினாடியிலும், பறக்கும் 20-ஐ 2.4 வினாடியிலும் ஓடுகிறான். அவன் உச்சம் வினாடிக்கு 8.3 மீட்டர். இன்னொருவன் 4.9, 2.2. அவன் உச்சம் வினாடிக்கு 9.1 மீட்டர். முடிவுக் கோட்டில் இருவரும் ஒன்று, ஆனால் நோய் வேறு. முதலாமவனுக்கு வாரம் இரண்டு நாள் பறக்கும் 20, இரண்டாமவனுக்கு ஏரிக்கரை. இருவரையும் சேர்த்து நான்கு ரவுண்டு ஓட விட்டால் இரண்டுமே நடக்காது.

கைக்கடிகாரத்தில் 0.1 வினாடிப் பிழை சாதாரணம். அதனால் ஒரே ஆள், ஒரே இடத்தில் நின்று, மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இப்போது ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'வேகம்' என்று ஒரு கட்டம் கிடையாது. து, மு, உ என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன்.