மைக் ஸ்டாண்டை அழித்த இடத்தில் கறை ஏன் மிஞ்சுகிறது?

தேயிலைத் தோட்டக் கோயில் திருவிழா மேடையில் எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் நீலத் திரை; அதன்மீது வரிசை வரிசையாகச் சீரியல் மின்குமிழ்கள்; இரு ஓரங்களிலும் எல்.ஈ.டி. விளக்குகள், ஒன்று சிவப்பு, மற்றது நீலம். பரதம் ஆடும் சிறுமியின் முகபாவம் படத்தில் அருமையாக விழுந்திருக்கிறது. ஆனால் அறிவிப்பாளர் விட்டுப்போன மைக் ஸ்டாண்ட் மின்குமிழ்களையும் திரையையும் கடந்து, அவளது உடையின் விசிறி மடிப்பையும் வெட்டிக்கொண்டு நிற்கிறது. வயர் மேடை விரிப்பில் வளைந்து ஓடுகிறது. இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் திருவிழாப் படம் எடுப்பவர்களுக்கு இது பழகிய காட்சி.

வெற்றுச் சுவருக்கு முன்னால் நிற்கும் கம்பி என்றால், அதைப் படத்திலிருந்து அழிப்பது ஒரு நிமிட வேலை. இங்கே படத்திருத்த மென்பொருளின் ஹீலிங் பிரஷ் என்ற தூரிகையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் ஓட்டினால், கம்பி போய்விடும். அதன் இடத்தில் மஞ்சளும் நீலமும் குழைந்த ஒரு பட்டை வந்துவிடும். அந்தக் கருவி வேலை செய்யும் விதமே அப்படி.

ஹீலிங் பிரஷ் நாம் காட்டும் இடத்திலிருந்து நுண்ணிய இழையமைப்பை மட்டுமே எடுத்துவருகிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும், அழிக்கும் பகுதியின் விளிம்பில் உள்ள பிக்சல் புள்ளிகளிடமிருந்து வாங்கி உள்ளே பரப்புகிறது. 2003இல் பெரெஸ், காங்னே, பிளேக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்வகைக் கலப்பின் கணிதத்தை விளக்கியது. விளிம்பிலுள்ள வேறுபாட்டை உள்ளே பரப்பும் அந்தச் சமன்பாடு, ஓர் உலோகத் தகட்டின் ஓரங்களில் உள்ள வெப்பம் உள்ளே பரவி நிலைபெறுவதைக் கணிக்கும் சமன்பாடுதான். ஆகவே, விளிம்பில் ஓரிடத்தில் எரியும் மின்குமிழ் பட்டால் அதன் வெளிச்சம் உள்ளே கசிந்தே தீரும். க்ளோன் ஸ்டாம்ப் என்ற மற்றக் கருவியோ எதையும் கணக்கிடுவதில்லை; புள்ளிகளை அப்படியே பெயர்த்து வைக்கிறது. நிறம் ஒத்துப்போகாவிட்டால் ஒட்டு தெரியும். ஆனால் கசிவு வராது.

இதிலிருந்து வேலையின் ஒழுங்கு தானாகக் கிடைக்கிறது. கம்பியை ஒரே பொருளாகப் பார்க்காமல், பின்னணி மாறும் ஒவ்வோர் இடத்திலும் துண்டாக்க வேண்டும். மின்குமிழின் ஓரம், திரை முடியும் கோடு, உடையின் சரிகை ஆகியவற்றைக் கம்பி வெட்டும் இடங்களில் முதலில் க்ளோன் ஸ்டாம்ப்பால் குறுக்கே பாலம் போட்டுவிடுங்கள். பிறகு இரண்டு பாலங்களுக்கு நடுவே எஞ்சும் ஒரே நிறப் பகுதியை மட்டும் ஹீலிங் பிரஷ்ஷிடம் கொடுக்கலாம். அப்போது விளிம்பில் தவறான நிறம் எதுவும் இருக்காது.

தெரிவு செய்யும் பகுதி கம்பியைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். கமெரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் ஒவ்வொரு பக்கமும் மூன்று, நான்கு புள்ளிகள் கூடுதலாக விட்டால் போதும். ஜேபெக் கோப்பு படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான விளிம்பின் அழுக்கு அந்தக் கட்டம் முழுவதும் சிதறியிருக்கும். அங்கே எட்டுப் புள்ளிகளாவது வேண்டும். கம்பியை எடுத்த பிறகும் மெல்லிய நிழல்கோடு ஒன்று மிஞ்சினால், இந்த ஓரத்தை விட்டுவைத்தீர்கள் என்று பொருள்.

ஃபோகஸ் தப்பிய மின்குமிழ்கள் ஒளி வட்டங்களாகத் தெரியும். கம்பி வெட்டிய வட்டத்தைத் தூரிகையால் வரைந்து நிரப்ப முயல வேண்டாம்; அதே வரிசையில் பக்கத்திலுள்ள முழு வட்டத்தைப் பெயர்த்து வைப்பதே சரி. எவ்வளவு தள்ளி எடுக்கலாம் என்பதில் கவனம் தேவை. லென்ஸைப் பெரிதாகத் திறந்து எடுத்த படத்தில் நடுவிலுள்ள வட்டம் உருண்டையாகவும், ஓரத்தில் உள்ளது நசுங்கிப் பூனைக் கண் வடிவிலும் இருக்கும். நடு வட்டத்தை ஓரத்தில் வைத்தால் என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் கண் உறுத்தும்.

மலைநாட்டுத் திறந்தவெளி மேடைகளில் இன்னொரு சிக்கல் பனிமூட்டம். மூட்டம் இறங்கியதும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளி மெல்ல மெல்ல மங்கிப் பரவுகிறது. இந்தச் சரிவை 8 பிட் கோப்பில் திருத்தினால் அது படிப்படியாக உடைந்து கோடுகள் விழும். ரோ கோப்பை 16 பிட்டாகத் திறந்து வேலை செய்யுங்கள். அதோடு, இருட்டில் ஐ.எஸ்.ஓ. 3200 அளவில் எடுத்த படத்தில் மணல்மணலாக இரைச்சல் இருக்கும். மிக மென்மையான ஓரமுள்ள க்ளோன் தூரிகை, பழைய புள்ளியையும் புதிய புள்ளியையும் பாதிப் பாதியாகக் கலக்கும் இடங்களில் இந்த இரைச்சல் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடும். அதனால்தான் திருத்திய இடம் வழவழப்பான பட்டையாகத் தனித்துத் தெரிகிறது. தூரிகையின் கடினத்தை 70–80 சதவீதத்தில் வைத்தால் இந்தப் பட்டை மிகக் குறுகிவிடும். சந்தேகமிருந்தால் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு கான்ட்ராஸ்ட்டைத் தற்காலிகமாக மிகைப்படுத்திப் பாருங்கள். மறைந்திருக்கும் ஒட்டெல்லாம் வெளியே வரும்.

உடையின் மடிப்பில் க்ளோன் மூலத்தை அதே மடிப்பின் கோட்டிலேயே, மேலோ கீழோ, எடுக்க வேண்டும். வயரும் அப்படித்தான்: விரிப்பின் நெய்தல் தூரம் போகப்போகச் சிறுத்துத் தெரிவதால், மூலத்தை அதே உயரத்தில் இடமோ வலமோ நகர்ந்து எடுங்கள். ஸ்டாண்டின் நிழலை மறந்துவிடுபவர்கள் பலர். இரண்டு விளக்கு என்றால் இரண்டு நிழல். சிவப்பு விளக்கு மறைக்கப்பட்ட இடத்தில் நீல ஒளி மட்டுமே விழுவதால் அந்த நிழல் நீலமாக இருக்கும். அங்கே விரிப்பின் இழை பழுதில்லாமல் இருப்பதால் க்ளோன் செய்யத் தேவையே இல்லை. நிழலை மட்டும் தெரிவு செய்து கர்வ்ஸில் சிவப்புச் சானலை உயர்த்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கம்பி விரல்களையோ முகத்தையோ மறைத்திருந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது. அங்கே இருந்தது படத்தில் இல்லை. பக்கத்துப் புள்ளிகளுக்கும் அது தெரியாது. தொடர்ச்சியாக எடுத்த இன்னொரு படத்தில் அதே கை அதே நிலையில் கம்பிக்கு வெளியே வந்திருந்தால் மட்டும் அதை எடுத்துவரலாம். இல்லையேல் கம்பியை விட்டுவிடுவதே நேர்மை என்பது என் கருத்து. செய்திக்குப் போகும் படமென்றால் எதையும் அழிக்கவே கூடாது.

பின்னணிக்கு இதைவிட எளிய வழி, படம் எடுக்கும்போதே கைவசம் இருக்கிறது. ஸ்டாண்ட் 5 மீற்றரிலும் திரை 8 மீற்றரிலும் இருக்கிறது என்று வைப்போம். கமெராவை 10 சென்டிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தினால், கம்பி திரைமீது மறைக்கும் இடம் 6 சென்டிமீற்றர் மறுபக்கம் நகரும். 2 சென்டிமீற்றர் கம்பி திரையில் மறைப்பது 3.2 சென்டிமீற்றர் மட்டுமே. ஆகவே ஒரு சாண்கூட நகராமல் எடுத்த இரண்டாவது படத்தில், முதல் படத்தில் மறைந்திருந்த பின்னணி முழுவதும் கிடைத்துவிடும். இரண்டையும் லேயர்களாக வைத்து, திரையிலுள்ள இரண்டு மின்குமிழ்களைக் கொண்டு பொருத்தி, கம்பி இருந்த இடத்தை மட்டும் மாஸ்க் வழியாகத் திறந்தால் போதும். மின்குமிழ்கள் ஓடி ஓடி எரிபவையாக இருந்தால் நாலைந்து படங்கள் தொடர்ந்து எடுத்து, எரியும் வரிசை முதல் படத்தோடு ஒத்துப்போகும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.