ஃபோர்மேன் ஓகே சொன்னால் ரீ-என்ட்ரி நீளாது

சவூதியில் ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். லீவில் ஊருக்குப் போனவர்கள் "ஃப்ளைட் கேன்சல் சார், அடுத்த வாரம் வரேன்" என்று ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். தூக்கம் போவது எனக்கு.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் வெல்டர் தம்பி ஒருவருக்கு அன்றுதான் பயணம். விமான நிறுவனம் 9ஆம் தேதி சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தது, ஃபோர்மேனும் "சரி, வா" என்றுவிட்டார். ஆனால் சவூதிக்குத் திரும்பி வருவதற்கான அவருடைய ரீ-என்ட்ரி விசா 7ஆம் தேதியோடு முடிகிறது. சனிக்கிழமை செக்-இன் கவுண்டரில் விசா காலாவதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

லீவு வேறு, ரீ-என்ட்ரி விசா வேறு. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை. லீவு, கம்பெனி உங்களுக்குக் கொடுப்பது. விசா, அரசாங்கத்தின் கணினியில் ஓடும் தேதி. புயலடித்தது அதற்குத் தெரியாது, ஃபோர்மேன் நல்லவர் என்பதும் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும்போது அதை நீங்களே நீட்டிக்கவும் முடியாது, கம்பெனிதான் கட்டணம் கட்டி அப்ஷீர் அல்லது முக்கீம் ஆன்லைன் தளத்தில் நீட்டிக்க வேண்டும். அதற்கு உங்கள் குடியிருப்பு அனுமதியான இகாமாவும் உயிரோடு இருக்க வேண்டும். வெள்ளி, சனி எங்கள் ஆபீஸ் விடுமுறை என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி திங்கட்கிழமையே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் மூன்று வேலை நாள் கையில் இருந்திருக்கும்.

கிளம்பும்போதே விசாத் தாளைப் பாருங்கள். சிலவற்றில் இத்தனை நாள் என்று இருக்கும், அது நீங்கள் சவூதியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து ஓடும். சிலவற்றில் இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்றே இருக்கும், அது எப்போது கிளம்பினாலும் மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பத்து நாள் மிச்சம் இருப்பதாக நம்பியவர்களும் உண்டு.

ஃப்ளைட் கேன்சலானால் அன்றே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள், ஃபோர்மேனுக்கு ஒரு காப்பி. உருக்கமான கடிதமெல்லாம் வேண்டாம், இவ்வளவு போதும்: "4ஆம் தேதி ஃப்ளைட் ரத்து, விமான நிறுவனத்தின் எஸ்.எம்.எஸ். இணைத்துள்ளேன். புது டிக்கெட் 9ஆம் தேதி. 10ஆம் தேதி வேலைக்கு வருவேன். ரீ-என்ட்ரி 7ஆம் தேதி முடிகிறது, நீட்டித்துத் தரவும். கூடுதல் நாள்களுக்குச் சம்பளம் வேண்டாம்." கூடவே இகாமா எண். "சீக்கிரம் வரேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எந்தக் கட்டத்தில் நான் நிரப்புவது?

எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் வராதவரை, 10 நாள் தாண்டியதும் எழுத்தில் எச்சரித்திருந்தால், நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்கிறது சவூதி தொழிலாளர் சட்டத்தின் 80ஆம் பிரிவு. காரணம் தகுந்ததுதான் என்று காட்ட உங்களிடம் இருப்பது விமான நிறுவனத்தின் அந்த ஒரு எஸ்.எம்.எஸ். தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள் தம்பி.