எட்டு கணினி, இரண்டு சுவிட்ச்: வீட்டு லேன் பார்ட்டி எப்படி ஓடுகிறது

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் இரட்டை மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு எட்டு நண்பர்கள் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்து விளையாடக் கணினியோடு வருகிறார்கள். ஹாலில் நான்கு பேர், மேல்மாடி அறையில் நான்கு பேர். ஃபைபர் இணைப்பும் வைஃபை ரவுட்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. அப்புறம் எதற்குக் கேபிள் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தாமானிலும் கொண்டோவிலும் அந்த மூன்றும் எப்போதும் நிரம்பியே இருக்கும். விளையாட்டுக்கு வேண்டிய தரவு மிகக் குறைவு, ஆளுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபைட் போதும். அதனால் இங்கே வேகம் பிரச்சினை இல்லை. தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். ஒரு பாக்கெட் 2 மில்லிநொடியில் வந்து, அடுத்தது 60 மில்லிநொடி கழித்து வந்தால், எதிரி திரையில் நடக்காமல் தாவித் தாவி வருவான். கேபிளில் இந்தத் தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதைவிட முக்கியம், அது சீராக இருக்கும்.

அந்தச் சீர்மைக்குக் காரணம், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியான சுவிட்ச். அதில் செருகிய ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. ஒரு கணினி முதல் பாக்கெட்டை அனுப்பியதுமே, இந்த முகவரி மூன்றாவது போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் மூன்றாவது துளையில், இருக்கிறது என்று சுவிட்ச் தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பிறகு அந்த முகவரிக்கு வருவதை அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டுமே விடும். மாமாக் கடையில் எந்த மேசை எதைக் கேட்டது என்று நினைவில் வைத்து நேராகக் கொண்டுபோய் வைக்கும் பணியாளரைப் போல. முன்பு புழக்கத்தில் இருந்த ஹப் வந்ததையெல்லாம் எல்லாருக்கும் அனுப்பியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல்தான். சுவிட்சில் ஒவ்வொரு கேபிளிலும் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் அந்த மோதலுக்கு இடமே இல்லை.

இனி போர்ட் கணக்கு. எட்டு பேருக்கு எட்டு போர்ட் சுவிட்ச் போதும் என்றுதான் தோன்றும், ஆனால் போதாது. ரவுட்டருக்கு ஒரு போர்ட் வேண்டும். ஆட்டத்தின் சர்வரை யாரும் விளையாடாத ஒரு லேப்டாப்பில் ஓட்டினால் அதற்கும் ஒன்று. ஆக, மொத்தம் பத்து. ஹாலில் எட்டு போர்ட் சுவிட்ச், மேலே ஐந்து போர்ட் சுவிட்ச் என்று வைத்தால் சரியாக வரும். ஹாலில் நான்கு கணினி, சர்வர், ரவுட்டர், மேலே போகும் கேபிள் என ஏழு போர்ட் நிறையும், ஒன்று மிஞ்சும். மேலே நான்கு கணினியும் கீழே இறங்கும் கேபிளுமாக ஐந்தும் நிறைந்துவிடும். இரண்டுமே கிகாபிட் சுவிட்சாக இருக்க வேண்டும். நிர்வாக வசதி இல்லாத சாதாரண சுவிட்சே இதற்குப் போதும்.

கேபிள் கேட்-5ஈ இருந்தால் போதும். கிகாபிட் வேகத்தில் 100 மீட்டர் வரை தாங்கும் என்பது அதன் வரையறை. மாடிப்படி வழியாக மேலே போக 25 மீட்டர் இருந்தால் தாராளம். புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் தொழிற்சாலையில் முனை பொருத்திய கேபிளாகவே வாங்கிவிடுவது நல்லது. நாமே முனை பொருத்தும்போது ஒரு மறைவான தவறு நேர வாய்ப்பு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கேபிளின் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்கை, கிளிப் பின்பக்கம் போகும்படி நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். எட்டு செப்புக் கம்பிகள் வரிசையாகத் தெரியும். வழக்கமான வரிசை இடமிருந்து வலமாக இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து 3-இலும் 6-இலும் நிற்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஜோடியும் உள்ளே ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய சமமாக ஏறும். பெறும் கார்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும்.

நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தானே ஒழுங்கு என்று நினைத்து, வெள்ளை-பச்சையை 3-இலும் பச்சையை 4-இலும் வைப்பவர்கள் உண்டு. இரண்டு முனையிலும் அப்படியே வைத்தால் மலிவான கேபிள் சோதனைக் கருவியில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-ம் 6-ம் இப்போது வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்த கம்பிகள். இரைச்சல் கழியாது, பக்கத்து ஜோடியின் சிக்னலும் உள்ளே கசியும். கருவி நல்ல கேபிள் என்று சொல்லும், ஆட்டம் திக்கும். கருவியை மட்டும் நம்பினால் இந்தக் கோளாறைப் பிடிக்கவே முடியாது.

பிடிக்க வழி இருக்கிறது. எல்லாரும் செருகி முடித்ததும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் பவர்ஷெல்லில் இதை அடியுங்கள்:

```
Get-NetAdapter
ping -n 50 192.168.0.10
```

அந்த எண் இருக்கும் இடத்தில் உங்கள் சர்வரின் ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் அதற்குக் கொடுத்த எண்ணை, போடுங்கள். சர்வரில் `ipconfig` அடித்தால் அது தெரியும். முதல் கட்டளையில் `LinkSpeed` என்ற இடத்தில் `1 Gbps` வர வேண்டும். `100 Mbps` என்று வந்தால், கார்டும் சுவிட்சும் கிகாபிட்டாக இருக்கும் பட்சத்தில், கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி நீலமோ பழுப்போ அறுந்திருந்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இரண்டாவது கட்டளையில் ஏறக்குறைய எல்லா வரியிலும் `time<1ms` வர வேண்டும், இழப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஐம்பதில் இரண்டு மூன்று தொலைந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். எதற்குமே பதில் வரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். சர்வரின் ஃபயர்வால் பிங்கை மறுத்திருக்கலாம்.

100-க்கு இறங்கினாலும் ஆட்டம் ஓடும்தான். வலிப்பது கோப்பு நகலெடுக்கும்போது. 40 கிகாபைட் ஆட்டம் ஒன்று கிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் வீதம் ஆறு நிமிடத்தில் வந்துவிடும், வட்டு ஈடுகொடுத்தால். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டீமில் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினியிலிருந்து ஆட்டக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் வசதி 2023 முதல் இருக்கிறது. அமைப்பில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் எட்டு பேரும் இணையத்தில் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. ஆனால் நகலெடுப்பதைப் போட்டிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கீழிருந்து மேலே ஒரே கேபிள்தான் போகிறது. ஒருவர் மேலே நகலெடுத்தால் அந்தக் கேபிள் நிரம்பும். சுவிட்சின் சிறிய நினைவகம் நிறைந்ததும் அது பாக்கெட்டுகளைக் கீழே போட ஆரம்பிக்கும். தொலைந்த கோப்புத் துண்டு மறுபடி கேட்டு வாங்கப்படும். ஆட்டத்தின் பாக்கெட் பெரும்பாலும் அப்படித் திரும்பி வராது. மேலே இருக்கும் நான்கு பேருக்கு மட்டும் ஆட்டம் திக்கினால், முதலில் யார் நகலெடுக்கிறார் என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு. ஹால் சுவிட்சில் மிஞ்சிய போர்ட்டில், ஒரு கணினியிலிருந்து கழன்று தரையில் கிடக்கும் கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் செருகுகிறார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருக்கிறது. இப்போது ஒரு வளையம் உருவாகிவிட்டது. இங்கே யாராவது ஆட்டம் நடத்துகிறீர்களா என்று ஒரு கணினி எல்லாருக்கும் அனுப்பும் பாக்கெட்டை சுவிட்ச் எல்லாப் போர்ட்டிலும் விடும். அது வளையத்தில் சுற்றி வந்து மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகும். ஈதர்நெட் பாக்கெட்டுக்கு ஆயுள் எல்லை கிடையாது, யாரும் அதை நிறுத்தமாட்டார்கள். கிகாபிட் கேபிளில் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஓடும். அடையாளம் இதுதான்: இரண்டு சுவிட்சிலும் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தாற்போல் மின்னும், மேலும் கீழும் எல்லாருக்கும் ஒரே நொடியில் ஆட்டம் நின்றுபோகும். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ அதுதான் வளையம். மிஞ்சிய போர்ட்டில் முன்கூட்டியே டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலை இல்லை.

"அண்ணே, என் லிஸ்ட்ல ஒரு கேமும் காட்டலையே" என்று ஒருவர் மட்டும் கூப்பிட்டால் வேறு விஷயம். அவர் கணினியில் `ipconfig` அடித்து ஐபி முகவரியைப் பாருங்கள். மற்றவர்களுக்கு 192.168.0 என்று தொடங்கி அவருக்கு மட்டும் 192.168.1 என்று இருந்தால், யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைச் சுவிட்சாகச் செருகியிருக்கிறார், அதுவும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. 169.254 என்று இருந்தால் எந்த ரவுட்டரும் முகவரி கொடுக்கவில்லை. முகவரி சரி என்றால் விண்டோஸில் அந்த நெட்வொர்க் பொது நெட்வொர்க்காகக் குறிக்கப்பட்டிருக்கலாம். தனிப்பட்ட நெட்வொர்க்காக மாற்றிவிட்டு, ஃபயர்வாலில் அந்த ஆட்டத்துக்கும் அனுமதி கொடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒன்று. நம் ஊர் பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது சுமார் 3000 வாட். நான்கு கணினியும் திரைகளும் ஒரு எக்ஸ்டென்ஷனில் அடங்கும். அதே எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைச் செருகக் கூடாது.

ஆட்டம் எது? வேலரண்டில் ஆட்டம் நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது. எட்டு பேரும் ஒரே ஹாலில் இருந்தாலும் பாக்கெட் வெளியே போய்த்தான் திரும்பும், இத்தனை கேபிளுக்கும் பலன் இல்லை. எதிரிகளைச் சுடும் ஆட்டத்துக்கு என் தேர்வு கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6. நம் லேப்டாப்பே சர்வர், பழைய கணினியிலும் ஓடும். ஆட்டம் பட்டியலில் தெரியாவிட்டாலும் ஆட்டத்துக்குள் கட்டளை அடிக்கும் கன்சோலில் `connect 192.168.0.10:27015` என்று அடித்து நேராக நுழையலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வேறு மாதிரி. அதில் கட்டளைகள் மட்டுமே நெட்வொர்க்கில் போகும், ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தானே கணக்கிட்டு, எல்லாம் ஒரே படியில் நகரும். எட்டு படைகளும் மோதும்போது மெதுவான கணினியின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஒருவர் பழைய லேப்டாப் கொண்டுவந்தால் சுவிட்சைத் திட்டாமல் ஒரு ஆளுக்கான படை வரம்பைக் குறையுங்கள்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டிக்கு இந்த எட்டு பேரையும் நான்கு நான்காக இரண்டு பிரிவாக்குங்கள். பிரிவில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதினால் பிரிவுக்கு ஆறு ஆட்டம். நான்கு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கலாம், சர்வர் லேப்டாப்பில் நான்கு சர்வரை வெவ்வேறு போர்ட் எண்ணில் ஓட்டினால் போதும். இந்தப் போர்ட் சுவிட்சின் துளை இல்லை, மேலே `connect` வரியின் கடைசியில் 27015 என்று வந்த எண். மூன்று சுற்றில் பிரிவு ஆட்டம் முடியும், அப்புறம் அரையிறுதி, இறுதி. ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால் ஐந்து சுற்றுக்கும் நூறு நிமிடம். தோற்றவுடன் வெளியே என்ற முறையில் ஏழே ஆட்டத்தில் முடிந்துவிடும், ஆனால் நான்கு பேர் இருபது நிமிடம் விளையாடிவிட்டு இரவெல்லாம் சும்மா உட்கார வேண்டும். அது எனக்குப் பிடிக்காது.

விதிகள் சுவரில் எழுதி ஒட்டுமளவு சிறியதாக இருக்கட்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. இருவர் புள்ளி சமமானால் அவர்கள் மோதியதில் வென்றவர் மேலே. மூவர் சமமானால், ஒவ்வோர் ஆட்டத்துக்குள்ளும் நடக்கும் குட்டி ரவுண்டுகளில் வென்றதற்கும் தோற்றதற்கும் உள்ள வித்தியாசம். எதிரிகளில் ஒருவர் ஹாலில், ஒருவர் மேலே உட்கார வேண்டும். பக்கத்துத் திரையைப் பார்க்கும் சந்தேகம் அப்போதே போய்விடும். பிரிவைப் பிரிக்கும்போதே இடத்தைக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்களே மாறி உட்காரட்டும், கணினியைத் தூக்க வேண்டாம்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்து எழுதுங்கள். எங்கள் வழக்கம் இது: ஒருவரின் கேபிள் மட்டும் போனால் முடிந்த ரவுண்டுகளின் கணக்கு அப்படியே நிற்கும், நடந்துகொண்டிருந்த ரவுண்டை மட்டும் மறுபடி ஆட வேண்டும். சுவிட்சோ சர்வரோ போனால் முதல் ஐந்து ரவுண்டுக்குள் ஆட்டம் முழுக்க மறுபடி, அதற்கு மேல் போயிருந்தால் நின்ற இடத்திலிருந்து. வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கினாரா, தானாகக் கழன்றதா என்று வாதாட வேண்டி வராதபடி, கிளிப் உடைந்த கேபிளை அன்றிரவு யாருக்கும் கொடுக்காதீர்கள்.