முடிச்சில்லாத லேஸ் ஏன் பிரிவதில்லை?

"பாபின் லேஸில் குண்டூசிகளை எல்லாம் பிடுங்கிய பிறகும் பின்னல் அப்படியே நிற்கிறதே, உள்ளே எங்காவது முடிச்சு இருக்கிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நூலைத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் முடிச்சு இருக்கலாம். நடுவில் ஒன்றுகூடக் கிடையாது.

அமைப்பு எளிமையானதுதான். கெட்டியான திண்டின் மேல், வடிவத்துக்கு ஏற்பத் துளையிட்ட அட்டையைப் பொருத்துகிறார்கள். பாபின்கள் என்ற சிறு கட்டைகளில் நூலைச் சுற்றி, அவற்றை ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுகிறார்கள். பின்னப் பின்ன, அட்டையின் துளைகளில் ஒவ்வொன்றாக ஊசி ஏறுகிறது. திண்டின் மேல் நூறு பாபின்கள் கிடந்தாலும் பயப்பட வேண்டாம், ஒரு நேரத்தில் கைக்கு வருவது இரண்டு ஜோடி, அதாவது நான்கு நூல் மட்டுமே.

அந்த நான்கு நூலுக்கும் இரண்டே அசைவுகள். 'குறுக்கு' என்றால் நடுவில் உள்ள இரண்டு நூல்களில் இடது பக்க நூலை வலது நூலின் மேலாகத் தாண்டவிடுவது. 'முறுக்கு' என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் வலது நூலை இடது நூலின் மேலாகத் தாண்டவிடுவது. இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதைக் கவனியுங்கள். சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

செய்து பார்ப்போம். இடமிருந்து வலமாக நூல்கள் அ, ஆ, இ, ஈ. முதலில் குறுக்கு: ஆ, இ-யின் மேல் போகிறது. வரிசை இப்போது அ, இ, ஆ, ஈ. அடுத்து முறுக்கு: இ, அ-வின் மேல், ஈ, ஆ-வின் மேல். வரிசை இ, அ, ஈ, ஆ. மறுபடி குறுக்கு: அ, ஈ-யின் மேல். கடைசியில் கிடைப்பது இ, ஈ, அ, ஆ. இடது ஜோடி வலப்பக்கம் வந்துவிட்டது, வலது ஜோடி இடப்பக்கம் போய்விட்டது. போன வழியைப் பாருங்கள். அ முதலில் கீழே, அப்புறம் மேலே. ஆ முதலில் மேலே, அப்புறம் கீழே. மற்ற இரண்டும் அப்படியே மாறி மாறித்தான் போயிருக்கின்றன. தறியில் நெய்த துணியும் இதே அமைப்புதான்! அதனால்தான் குறுக்கு-முறுக்கு-குறுக்கு என்ற இந்த வரிசையைத் துணித் தையல் என்கிறார்கள்.

சரி, முறுக்கையும் இடமிருந்து வலமாகவே செய்தால்? அ, ஆ இரண்டும் ஒவ்வொரு முறையும் இ, ஈ-யின் மேலேயே போகும். ஒரு ஜோடி இன்னொரு ஜோடியின் மேல் சும்மா படுத்திருக்கும், தூக்கினால் கையோடு வந்துவிடும். திசையை மாற்றியது ஒன்றுதான் வித்தியாசம். எனக்கு இது எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் அலுக்கவில்லை.

இனி ஊசிக்கு வருவோம். டார்ச்சன் என்ற எளிய வகை லேஸின் வலைப்பின்னலில், ஒவ்வொரு துளையிலும் குறுக்கு-முறுக்கு செய்து, இரண்டு ஜோடிகளுக்கு நடுவே ஊசியைக் குத்தி, அதன் கீழே மறுபடி குறுக்கு-முறுக்கு செய்கிறார்கள். பின்னல் ஊசியை மேலும் கீழும் பூட்டிவிடுகிறது. பாபின்களின் எடை நூலை விறைப்பாக வைத்திருக்க, அடுத்த வரிசைகள் வந்து சேரும் வரை அந்த இடம் நகராமல் காப்பது மட்டுமே ஊசியின் வேலை. சுற்றிலும் பின்னல் நிரம்பியதும் நூலுக்கும் நூலுக்கும் இடையிலான உராய்வே போதும். ஓரத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. அங்கே ஒரு பக்கம்தான் அண்டை நூல் இருக்கிறது, ஊசியைச் சீக்கிரம் எடுத்தால் ஓரம் உள்ளே இழுபட்டுவிடும். நூலுக்குப் பொருந்தாமல் துளைகள் தள்ளித்தள்ளி இருந்தாலும் உராய்வு போதாது. லேஸ் தொளதொளவென்று ஆகி, வடிவம் நழுவும்.

இந்த வலையில் ஒவ்வொரு ஊசிக்கும் மேலிருந்து இரண்டு ஜோடி வருகிறது, கீழே இரண்டு ஜோடி போகிறது. மேலே உள்ள இரண்டு ஊசிகளும் முடியாமல் இதைத் தொட முடியாது, அதனால்தான் வேலை சாய்வாக நகர்கிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் வெரோனிகா இர்வினும் ஃபிராங்க் ரஸ்கியும் இந்த அமைப்பைக் கணிதமாக்கி 2014-ல் வெளியிட்டார்கள். லேஸுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பின்னல்களின் கணிதம் 1920-களிலேயே தனித் துறையாகிவிட்டது. பயன் முன்கூட்டியே தெரிந்தால்தான் பணம் என்று அன்று சொல்லியிருந்தால், அந்தத் துறையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தப்பு நடந்தால் கண்ணே சொல்லிவிடும். முறுக்கு விடுபட்ட ஜோடி, கயிறு போல ஒட்டிக்கொள்ளாமல் இரண்டு நூலாகப் பிளந்து நிற்கும். முறுக்கைத் தலைகீழாகச் செய்திருந்தால், ஒரு நூல் அடுத்தடுத்து இரண்டு நூல்களைத் தாண்டி நீளமாகக் கிடக்கும். கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. கடைசியாகச் செய்த அசைவை முதலில் எதிர்த்திசையில் செய்து, பின்னோக்கியே வந்தால் தப்பு நடந்த இடம் வரை நூல் பிரிந்துவிடும்.