அம்மாவின் பங்கைக் கணக்கிடாமல் ரிலீஸ் டீட் எழுதாதீர்கள்

மறுபடியும் அதே கதை. மும்பை செம்பூரில் பழைய சொசைட்டி ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஃபிளாட் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது. பில்டரின் வக்கீல், வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்கிறார். ஒரு மகனும் இரண்டு மகள்களும் என்னிடம் வந்தார்கள். ரிலீஸ் டீட் ஒன்று கையோடு தயாராக இருந்தது. அதன்படி, "உரிமை ஏதும் இருப்பின்" அதை அம்மா பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறார். அம்மாவுக்கு என்ன பங்கு வருகிறது என்று கேட்டேன். மகன் தயங்காமல் சொன்னார்: "அம்மா கோபார்சனர் இல்லையே மேடம். அதனால பங்கே கிடையாது. நாங்க மூணு பேரும் மூணில் ஒண்ணு." கோபார்சனர் என்றால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உள்ளவர்.

படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், அம்மா மேல் பாசம் உள்ளவர்கள். இணையத்தில் பாதி படித்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பாதி எப்போதும் இதுதான். ஆகவே இதை ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கை மாற்றவில்லை.

முதலில், இது கூட்டுக் குடும்பச் சொத்துதானா? அப்பா சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் என்றால் கீழே வரும் எதுவும் பொருந்தாது. உயில் இல்லாவிட்டால் அது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மனைவி, பிள்ளைகள், அப்பாவின் தாய் உயிரோடிருந்தால் அவரும் என்று தலைக்குச் சமமாகப் போகும். தாத்தா 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அப்பாவுக்கு வந்திருந்தாலும் அதே விதிதான். அது அப்பாவின் தனிச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கில் சொல்லிவிட்டது. "தாத்தா சொத்து, அதனால பூர்வீகம்" என்று வருபவர்களில் பலருக்கு அது பூர்வீகமே இல்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இந்தக் குடும்பம் அப்படியல்ல. தாத்தா அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1951-இல், திருநெல்வேலிப் பக்கம் இறந்திருக்கிறார். அப்பாவும் அவர் அண்ணன் தம்பிகளும் 1954-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வந்த வயலை 1978-இல் விற்று, முழுக்க அந்தப் பணத்தில் செம்பூர் ஃபிளாட்டை வாங்கியிருக்கிறார். வயல் விற்ற பணம் என்ற வரி ஃபிளாட் பத்திரத்திலேயே இருந்தது. அப்படி ஒரு வரி கிடைப்பது அபூர்வம். இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே இது கூட்டுச் சொத்து. அப்பா 2014-இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி முன்பே காலமாகிவிட்டார்.

இப்போது அனுமானப் பாகப்பிரிவினை. கூட்டுச் சொத்தில் ஒருவருக்கு இவ்வளவு என்று உயிரோடிருக்கும்வரை நிலையான பங்கு கிடையாது. பிறப்பு, இறப்புக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் இறந்தவரின் பங்கு வாரிசுகளுக்குப் போக வேண்டுமென்றால் அது எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறது: அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் குடும்பத்தில் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதுவே அவர் பங்கு. அது மட்டும்தான் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். முழுச் சொத்தும் அல்ல.

ஆகக் கணக்கு இரண்டு படி. முதல் படியில் அந்தக் கற்பனைப் பாகத்தில் யாருக்கெல்லாம் பங்கு என்று பார்த்து அப்பாவின் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் படியில் அந்தப் பங்கை மட்டும் வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு படியிலும் கிடைக்கும். மகன் சொன்ன "மூணில் ஒண்ணு" இந்த இரண்டில் எந்தப் படியிலும் வராது. இரண்டாம் படியில் மனைவி முதல் வகுப்பு வாரிசு. அவருக்குப் பங்கு இல்லை என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

சரி, முதல் படியில் அம்மாவுக்கு உண்டா? எரிச்சலூட்டும் இடம் இதுதான். அம்மா கோபார்சனர் இல்லை, உண்மை. பிறப்பால் அவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இல்லை, பாகம் பிரிக்கச் சொல்லி அவர் கேட்கவும் முடியாது. ஆனால் பாகம் கேட்கும் உரிமை வேறு, பாகம் நடக்கும்போது பங்கு பெறும் உரிமை வேறு. இந்துக் கூட்டுக் குடும்பங்களின் பழைய சட்டமான மிதாட்சரத்தின் பம்பாய்ப் பிரிவிலும், டெல்லிப் பக்கம் செல்லும் காசிப் பிரிவிலும், அப்பாவும் மகன்களும் பாகம் பிரித்தால் மனைவிக்கு ஒரு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், சில வக்கீல்கள் உட்பட.

உச்சநீதிமன்றம் 1978-இல் குருபாத மக்தும் வழக்கில் இதற்கு முடிவு கட்டியது. கண்டப்பா என்பவர் 1960-இல் மனைவி ஹீராபாய், இரண்டு மகன்கள், மூன்று மகள்களை விட்டுவிட்டு இறந்தார். அன்றைய சட்டப்படி மகள்கள் கோபார்சனர்கள் அல்ல. கற்பனைப் பாகத்தில் கண்டப்பா, மனைவி, இரண்டு மகன்கள் என நான்கு பங்கு, ஆளுக்குக் கால். கண்டப்பாவின் காலை ஆறு வாரிசுகளுக்குப் பிரித்தால் தலைக்கு 1/24. விசாரணை நீதிமன்றம் ஹீராபாய்க்கு அந்த 1/24 மட்டும்தான் என்றது. கணவரின் பங்கைக் கண்டுபிடிக்க மட்டும் பாகம் நடந்ததாக வைத்துக்கொள்வோம், மனைவிக்குக் கொடுக்கும் நேரம் வந்ததும் அது நடக்கவில்லை என்போம், இதுதான் அந்த வாதம். உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு கற்பனையை எடுத்துக்கொண்டால் அதன் விளைவுகளையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும், பாதியில் இறங்க முடியாது. ஹீராபாய்க்குக் கால், அதன்மேல் 1/24, மொத்தம் 7/24.

இதை நம் செம்பூர்க் குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகள்களும் கோபார்சனர்கள். அப்பா, அம்மா, மகன், இரண்டு மகள்கள் என ஐந்து பங்கு. அப்பாவின் ஐந்தில் ஒன்றை நால்வருக்குப் பிரித்தால் 1/20. ஐந்தில் ஒன்றும் 1/20-உம் சேர்ந்து ஆளுக்குக் கால். அம்மாவுக்கும் கால். ஃபிளாட்டின் மதிப்பு 1 கோடியே 60 லட்சம் என்று வைத்தால் அம்மாவின் பங்கு 40 லட்சம். "உரிமை ஏதும் இருப்பின்" என்ற மூன்று சொல்லில் போகவிருந்தது அதுதான்.

இங்கே இளைய மகள் ஒரு பேப்பரை நீட்டினார். ஊரில் தெரிந்த வக்கீல் எழுதிக்கொடுத்ததாம். அதில் அம்மாவுக்கு 1/16. அவர் தப்பாகக் கணக்குப் போடவில்லை! அதே மிதாட்சரத்தின் தென்னிந்தியத் திராவிடப் பிரிவில், பாகத்தின்போது மனைவிக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அதன்படி முதல் படியில் அம்மா கிடையாது. அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால். அப்பாவின் காலை நால்வருக்குப் பிரித்தால் 1/16. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5/16, அம்மாவுக்கு 1/16. ரூபாயில் பிள்ளைகளுக்கு 50 லட்சம், அம்மாவுக்கு 10 லட்சம்.

எது சரி? ஃபிளாட் மும்பையில் இருப்பதால் பம்பாய்ப் பிரிவு என்று நினைத்தால் தவறு. சொத்து இருக்கும் இடம் இதைத் தீர்மானிப்பதில்லை. இடம்பெயர்ந்த குடும்பம் தன் ஊர்ச் சட்டத்தைக் கூடவே எடுத்து வந்ததாகத்தான் நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை, புது ஊரின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் கல்யாணத்தையும் திதியையும் ஊர் முறைப்படியே செய்கின்றன. அதெல்லாம் சாட்சியத்தில் வரும். வழக்கு என்று போனால் அம்மாவின் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். மும்பை வக்கீல் எழுதிய கால், ஊர் வக்கீல் எழுதிய 1/16, இரண்டையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் நம்பாதீர்கள். எந்தப் பிரிவை வைத்து எழுதினீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து மகன் கேட்டார்: "என் பையனும் பிறப்பால கோபார்சனர்தானே, அவனுக்கும் ஒரு பங்கு எண்ணணும்ல?" எண்ணக் கூடாது. முதல் படியில் கிளைக்கு ஒரு பங்குதான். பேரனுக்கு உரியது அவன் அப்பாவின் கிளைக்குள்ளேயே அடங்கும். பேரப்பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில்தான் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் மட்டும், அவருக்கு வந்திருக்க வேண்டிய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்.

நாமினேஷன் பற்றியும் கேட்டார்கள். சொசைட்டியில் நாமினியாகப் பெயர் இருந்தால் சொசைட்டி அவரோடு பேசும், அவ்வளவுதான். அது பங்கைக் கூட்டாது, குறைக்காது. அப்பா உயில் எழுதி முழு ஃபிளாட்டையும் ஒருவருக்குக் கொடுத்திருந்தாலும், முதல் படியில் அவருக்கு வந்த பங்குக்கு மேல் அந்த உயில் செல்லாது.

இறந்த தேதியையும் பாருங்கள். திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9-க்கு முன்பே அப்பா இறந்திருந்தால், அன்றே கற்பனைப் பாகம் நடந்துவிட்டது, மகள்கள் பேசவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உச்சநீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில், கற்பனைப் பாகம் உண்மையான பாகம் அல்ல, அதனால் குடும்பம் பிரிந்ததாக ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிவாகியோ, நீதிமன்ற உத்தரவாலோ பாகம் முடிந்திருந்தால்தான் அது கலையாது. வாய்மொழியாகப் பிரித்தோம் என்பதைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள்.

அந்த ரிலீஸ் டீடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் மூவரும் அம்மாவுக்குக் கால் என்று ஒப்புக்கொண்டு குடும்ப உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்தார்கள். பம்பாய்ப் பிரிவா திராவிடப் பிரிவா என்று சண்டை போடாமல் முடிக்க அது ஒரு வழி. அதில் அம்மாவின் பங்கை எண்ணாக எழுதச் சொன்னேன். சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அது அவருடைய முழு உடைமை. விற்கலாம், உயில் எழுதலாம், வேண்டுமானால் பிறகு கொடுத்தும்விடலாம்.

தயவுசெய்து கையெழுத்துக்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரம், வயல் விற்ற பத்திரம், ஃபிளாட் வாங்கிய பத்திரம், இறப்புச் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பில் எடுத்து வாருங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, எந்த எண்ணை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொன்ன பிறகுதான் நான் பேனாவைக் கொடுப்பேன்.