'ஆவன செய்யவும்' என்றால் என்ன செய்ய வேண்டும்?

கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு நிறுவனங்களில் வெளியே போகும் கடிதங்களையும் மெயில்களையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதில் நான் அதிகம் கோடு போட்டு அடித்த வரி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. தமிழ்க் கடிதம் என்றால் அதே வரி 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று வரும். ஆங்கில வரி ஒரு காலத்தில் இங்கிலாந்து வணிகக் கடிதங்களிலும் சாதாரணமாகப் புழங்கியதுதான். அங்கே அது மறைந்துவிட்டது, நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. 'ஆவன' என்ற சொல்லில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆக வேண்டியவை என்று அழகாகவே பொருள் தருகிறது. ஆனால் எவை ஆக வேண்டும் என்பதைப் படிப்பவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பது எளிது. அடித்த இடத்தில் எதை எழுதுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. தெளிவாக எழுதுகிறேன் என்று அனுப்புபவர் சொல்லாததைச் சொல்லிவிடுகிறோம், அல்லது சொன்னதில் பாதியை விட்டுவிடுகிறோம். நானும் அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

ஒரு நிறுவனம் ஏப்ரலில் இயந்திர உதிரிபாகங்கள் வாங்கியது. விலை 2,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 36,000. விற்றவர் பில்லில் இவர்கள் எண்ணுக்குப் பதிலாக, பெயர்ச் சாயல் ஒன்றாக இருந்த வேறொரு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுவிட்டார். மே 11-ஆம் தேதி அவருடைய மாத விற்பனை அறிக்கையான GSTR-1-உம் அப்படியே தாக்கலாகிவிட்டது. விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து வாங்கியவருக்கு உருவாகும் பட்டியல் GSTR-2B. 14-ஆம் தேதி இவர்களுடைய 2B வந்தபோது அந்தப் பில் அதில் இல்லை. 2B-யில் வராவிட்டால் அந்த 36,000-க்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. கணக்குப் பிரிவு அக்கா ஒரு மெயில் எழுதி என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'மேற்படி பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் தவறாக உள்ளது. கூடிய விரைவில் ஆவன செய்து பதில் தரவும்.'

பில்லில் தவறு என்றால் பில்லைத் திருத்த வேண்டும், வேறென்ன என்று நினைத்தேன். 'திருத்திய பில்லை அனுப்பி வையுங்கள்' என்று மாற்றிக் கொடுத்தேன். மிகத் தெளிவான வாக்கியம். இரண்டே நாளில் சரியான எண்ணுடன் புதிய பில் வந்தது. ஜூன் 14-ஆம் தேதி 2B-யைத் திறந்தால் பில் அப்போதும் இல்லை. விற்றவர் காகிதத்தைத் திருத்தினாரே தவிர, மே மாதத்துக்காக ஜூன் 11-க்குள் தாக்கல் செய்த GSTR-1-இல் முந்தைய பில்லின் திருத்தத்தைச் சேர்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைச் செய்தார். அக்காவின் மனதில் இருந்த 'ஆவன' இரண்டு வேலைகள். அதில் சின்ன வேலையை மட்டும் நான் எழுதிவிட்டேன். பழைய மங்கலான வரியே போயிருந்தால் விற்றவர் ஒருவேளை போன் போட்டு 'என்ன பண்ணணும்?' என்று கேட்டிருப்பார். தெளிவான வரி அந்தக் கேள்விக்கும் இடம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த வரியைப் பார்த்ததும் பேனாவை எடுப்பதில்லை, எழுதியவரிடம் போகிறேன். 'அவர் என்ன செய்தால் இந்த மெயிலை முடிந்தது என்று மூடுவீங்க?' என்று கேட்கிறேன். 'என்ன சொல்ல வர்றீங்க?' என்று கேட்டால் அதே வரியைத்தான் திரும்பச் சொல்வார்கள். அக்காவிடம் இப்படிக் கேட்டதும் உடனே, 'பில் என் 2B-யில தெரியணும்' என்றார். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் மெயில் தானாக அமைந்துவிடுகிறது. இரண்டாம் முறை போனது இது:

'உங்கள் ஏப்ரல் மாதப் பில் வேறொரு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பதிவாகியிருக்கிறது. எங்கள் சரியான எண் கீழே உள்ளது. ஜூலை 11-க்குள் நீங்கள் தாக்கல் செய்யும் ஜூன் மாத GSTR-1-இல், 9A பகுதியில் இதைத் திருத்திவிடுங்கள். திருத்தியதும் ஒரு வரி தெரிவியுங்கள், 14-ஆம் தேதி எங்கள் 2B-யில் சரிபார்த்துக்கொள்கிறோம்.'

இதில் 'கூடிய விரைவில்' எங்கே போனது என்று பாருங்கள். அது ஜூலை 11 ஆனது. அந்தத் தேதி நான் வைத்ததல்ல, தாக்கலுக்கான கடைசி நாள். அக்காவின் அவசரமே அந்தத் தேதியால் வந்ததுதான். இப்படிப் பின்னால் ஒரு காரணம் இல்லாதபோது, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று நாமாக எழுதினால், அனுப்புபவர் கேட்காத கெடு ஒன்றை அவர் தலையில் கட்டுகிறோம். தேதி தெரியாவிட்டால் 'எப்போது முடியும் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுவிடலாம்.

அதே மெயிலில் இருந்த 'பதில் தரவும்', ஆங்கிலத்தில் 'ரிவர்ட்' என்று இருந்தது. நம் ஊரில் எல்லோருக்கும் அது பதில்தான். வெளிநாட்டு மென்பொருள்காரருக்கு எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. அவர் அகராதியில் அது `git revert`, அதாவது செய்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது.

மங்கலை விட்டுவைக்க வேண்டிய இடமும் உண்டு. எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வரும். மாநகராட்சிக்கு மனு எழுதியவர் 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று முடித்திருந்தார். 'சாக்கடையைத் தூர்வார வேண்டுகிறோம்' என்று மாற்றலாமா? காரணம் அடைப்பா, வாட்டம் சரியில்லையா, யாராவது மேலே பலகை போட்டு மூடினார்களா என்பது மனுதாரருக்குத் தெரியாது. தூர்வாரிவிட்டால் மனுவை முடித்துவிடுவார்கள், தண்ணீர் அப்படியே வரும். இங்கே முடிவை அதிகாரியிடம் விடுவதுதான் அந்த வரியின் பொருள். அதனால் அதையே வெளிப்படையாக எழுதினோம்: 'மழை நாளில் எட்டு வீடுகளின் வாசல்வரை சாக்கடைத் தண்ணீர் வருகிறது. பொறியாளரை அனுப்பிக் காரணத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டுகிறோம்.'

அப்புறம், 'வேண்டுகிறோம்' என்பதை 'வேண்டும்' என்று சுருக்குவது. இரண்டு எழுத்து குறைகிறது, ஆனால் கோரிக்கை உத்தரவாகிவிடுகிறது. வக்கீல் கடிதங்களில் வரும் 'எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்பதையும் நான் தொடுவதில்லை. தேய்ந்த வரி போலத்தான் இருக்கும், ஆனால் சமரசத்துக்குச் சொன்னதை வைத்துப் பின்னால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அது அங்கே நிற்கிறது. மாற்ற வேண்டுமென்றால் வக்கீல் மாற்றட்டும்.

போன வாரம் ஒரு பையன் ஐந்து பேருக்குப் போகும் மெயிலைக் கொண்டுவந்தான். கடைசி வரி வழக்கமானதுதான். யார் என்ன செய்தால் இதை மூடுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். 'ஒருத்தரும் ஒண்ணும் செய்ய வேண்டாம் சார், சும்மா தெரிஞ்சா போதும்' என்றான். கடைசி வரியை எடுத்துவிட்டு, தலைப்பில் 'தகவலுக்கு மட்டும்' என்று சேர்த்து அனுப்பினான்.